சுவரோரப் பிள்ளைகள்

நாரின் நகருக்குப் பக்கத்து மலைக்கிராமப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் பெர்மெட்டுக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. முன்சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை ஜன்னலோரப் பிள்ளைகள் கடகடவென்று படித்தார்கள். சுவரோரப் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்து இரு பக்கத்திலும் சிலரை இடம் மாற்றினாள். மாறியவர்களில் படித்தவர்கள் இப்போது விழித்தார்கள், விழித்தவர்கள் படித்தார்கள்.

"அந்தச் சுவத்துல பேய் இருக்குடி," என்றாள் பக்கத்து வகுப்பு ஆசிரியை நுர்ஜமால். "பெஞ்சைத் தள்ளிப் போட்டுப் பாரேன்."

"எங்க தள்றது? எல்லாத்தையும் தரையோட முடுக்கி வச்சிருக்காங்க."

பிள்ளைகள் வெளியே விளையாடப் போனதும், குழம்பிப்போய் சுவரோரப் பெஞ்சில் முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பலகையில் எழுத்தே இல்லை. எதிர்ப்பக்க ஜன்னலின் பிம்பம்தான் அதில் வெள்ளையாகப் பளபளத்தது. பலகையில் ஒட்டிய தாள் கிழியாமல் இருக்க அவளே போட்ட பிளாஸ்டிக் உறை!

உறையை உரித்தாள். பலகையின் ஜன்னல் பக்க ஓரத்துக்குப் பின்னால் ஒரு கட்டையைச் செருகி, அதைச் சுவர்ப்பக்கம் லேசாகத் திருப்பினாள். எழுத்துகள் தெரிந்தன. ஜன்னலோரத்திலும் உட்கார்ந்து பார்த்தாள். சாய்வாக இருந்தாலும் படிக்க முடிந்தது.

திரும்பி வந்த பிள்ளைகளிடம், "தெரியலைன்னு ஏன் சொல்லலை?" என்று கேட்டாள்.

சுவரோரத்திலேயே இடம் மாறாமல் இருந்த சிறுமி ஐசுலு தயங்கினாள். "எல்லாருக்கும் அப்படித்தான் தெரியுதுன்னு நெனச்சேன், டீச்சர். அவங்க மட்டும் எப்படிப் படிக்கிறாங்கன்னுதான் எனக்குப் புரியலை."