சிவப்பு எழுத்தில் நாலு எண்கள்

விழுப்புரம் லேபிலிருந்து அப்பாவின் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தபோது அன்புச்செல்வன் சாப்பிட்டுக் கொண்டிருந்தான். இரவு பத்து மணி. பார்த்த கையோடு சோறு இறங்கவில்லை. நாலு எண்கள் சிவப்பில் இருந்தன. டிரைகிளிசரைடு 310, சர்க்கரை 52, பொட்டாசியம் 6.7, கிரியாட்டினின் 1.9.

முந்நூற்றுப் பத்துதான் முதலில் மிரட்டியது. பெரிய எண் அல்லவா! பிறகுதான் அது கொழுப்பு, இன்றைக்கே ஆளைத் தூக்காது என்று போனில் படித்தான். சர்க்கரை 52 என்றால் மயக்கம் போட்டு விழுவாராம். எட்டிப் பார்த்தான். அப்பா விருத்தாசலம் டி.வி.யைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தார். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை. என்ன கண்றாவி இது!

"யம்மா, அப்பாவுக்கு சுகர் ரொம்ப இறங்கிப்போச்சாம். இனிப்பா ஏதாச்சும் குடு."

அம்சவள்ளி பதறிக்கொண்டு இளநீரைச் சீவி எடுத்து வந்தாள். அதற்குள் அவன் பொட்டாசியத்துக்கு வந்திருந்தான். ஏறினால் இதயம் நின்றுவிடலாம். இளநீர், வாழைப்பழம் ஆகவே ஆகாது. பாய்ந்து இளநீரைப் பிடுங்கினான்.

"நீதானடா குடுன்னு சொன்ன! பேஜாரு புடிச்சவனே!"

"குடுன்னேன், இப்ப வேணாம்கிறேன். கொஞ்சம் சும்மா இரும்மா!"

அவனுக்கு அழுகை வந்தது. சர்க்கரையை ஏற்றவா, பொட்டாசியத்தை இறக்கவா, காலையில் பார்க்கலாம் என்று படுக்கவா? விடிவதற்குள் அப்பா போய்விட்டால்? கடைசி எண்ணை அவன் கண்டுகொள்ளவே இல்லை. 1.9. ஒன்றரைக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதானே என்று தள்ளிவிட்டான். இரண்டு எண்களோடு மல்லுக்கட்டியவனுக்கு இன்னொன்று எங்கே தெரியும்? அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தங்கள் ஊரான திண்டிவனத்திலேயே இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டூட்டி டாக்டர் கலைப்பிரியா முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னாள். விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. பிறகு ரிப்போர்ட்டை வாங்கினாள்.

"ரத்தம் எங்க குடுத்தீங்க?"

"இங்கதாங்க, அந்த லேபோட கலெக்‌ஷன் சென்டர்ல. காலைல ஏழு மணிக்கு. ஒரே டியூப்லதான் எடுத்தாங்க. மத்தியானம் ரிப்போர்ட் கேக்கப் போனேன், அப்பவும் ரத்த டியூப் வெச்ச பெட்டி அங்கியே கெடந்துச்சு. அமாவாசை, பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷலாப் போயிடுச்சு, சாயங்காலம்தான் விழுப்புரம் அனுப்புவோம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக் கொண்டாள். "டியூப்ல இருக்கிற ரத்த அணு உயிரோடதான் இருக்கும். சீரத்தை, அதான் மேல தெளியிற தண்ணியை, பிரிக்காம வெச்சா, அதுல இருக்கிற சர்க்கரையைத் தின்னுகினே இருக்கும். அதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்குன்னு தனியா மருந்து போட்ட டியூப். அணு உடைஞ்சா உள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய கொட்டிரும். வெயில், பஸ் குலுக்கல் வேற."

"அப்போ ரெண்டும் பொய்யாங்க?" அவனுக்கு உயிர் வந்தது.

"பொய்யா இருக்கலாம். ஆனா கிரியாட்டினின் ஏறியிருக்கிறவருக்குக் கண்ணை மூடிக்கினு அப்பிடிச் சொல்ல முடியாது. கிட்னி சரியில்லன்னா பொட்டாசியம் நெஜமாவே ஏறும். அதுக்குத்தான் ஈ.சி.ஜி."

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. அங்கேயே புதிதாக ரத்தம் எடுத்து, உடனே மெஷினில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் பொட்டாசியம் 4.6 என்று வந்தது. அன்புச்செல்வன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பைத்தியக்காரன் போலச் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை.

"கிரியாட்டினின் மட்டும் மாறல. 1.8. கிட்னி ஏறக்குறைய பாதி வேலைதான் செய்யுது. வலி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"ஆமாங்க," என்றார் விருத்தாசலம் பெருமையாக. "மல்லாட்டை மண்டியில கடலை மூட்டை தூக்குறேன், முட்டி கடுக்கும். தெனம் ரெண்டு போடுவேன். நான் கேக்காமலே எம்புள்ள வாரா வாரம் மாத்திரை அட்டை வாங்கிக்கினு வந்துருவான்."

அன்புச்செல்வனின் சிரிப்பு அப்படியே நின்றது. இந்த வாரத்து அட்டை சட்டைப் பையில் இருந்தது. சாயங்காலம்தான் வாங்கினான்.

"இனிமே ஒண்ணுகூடக் கூடாது," என்றாள் டாக்டர். "இப்பவே நிறுத்தினா இறங்க வாய்ப்பு இருக்கு. எவ்ளோ இறங்கும்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம். கிட்னி டாக்டரையும் பாருங்க."

வெளியே வந்து பைக்கில் ஏறும்போது அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"காலையில லோடு இருக்குடா அன்பு. ஒண்ணே ஒண்ணு குடேன்."

அவன் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பழகிய கை. அட்டையை உள்ளேயே கசக்கிப் பிடித்தபடி, "வாங்கலப்பா, மறந்துட்டேன்," என்றான்.

"நீயா மறந்த?" என்று கேட்டு, அவன் தோளைப் பிடித்து மெல்ல ஏறி உட்கார்ந்தார் அப்பா.