முழு கிட் அவசியம்

சந்திரமோகன் தன் காலத்தில் அடித்த ஒரு சிக்ஸர், துறைமுக ஜெட்டியில் அப்போதுதான் கயிறு அவிழ்த்த மெயின்லேண்ட் கப்பலின் மேல்தளத்தில் விழுந்து நேராகச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. பந்துக்கு டிக்கெட் எடுக்கவில்லை என்று கப்பல்காரர்கள் இன்றைக்கும் அவர்மேல் மனத்தாங்கலாக இருக்கிறார்கள். இதைப் போர்ட் பிளேரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் சந்திரமோகனே சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவர் நடத்தும் கிரிக்கெட் அகாடமியில் போன் எடுப்பது, சேர்க்கை பார்ப்பது, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அறிவிப்புப் போடுவது எல்லாம் பானுவின் வேலை. பானு, கப்பல் ஏறிப் போகவேண்டிய தனித் தீவான ஹட் பேயின் பெண். தோட்ட வேலைக்கென்று இலங்கை மலையகத்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பம். படிக்கப் போர்ட் பிளேர் வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள்.

ஆட்டக்காரர் தேர்வு நாளுக்கான படம் ஒரு மாதிரி தயாராகிவிட்டது. சந்திரமோகன் மட்டையை ஓங்கி நிற்கிறார், பின்னால் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய இடி மின்னல். ஆனால் பாராடாங் தீவுப் பக்கம் நெட்வொர்க் இருக்கிற லட்சணத்துக்குப் படம் திறப்பதற்குள் பார்க்கிற பையனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எழுத்துதான் ஓடும். அதனால் விவரம் முழுவதையும் கேப்ஷனில் வைப்பது பானுவின் வழக்கம். அவள் எழுதியது இது:

"கிரிக்கெட் தேர்வு நாள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்கவும். 14 வயதுக்குட்பட்டோர்: 1.9.2011 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். 16 வயதுக்குட்பட்டோர்: 1.9.2009 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். பையன்களும் பெண்களும் வரலாம். தேர்வுக் கட்டணம் 300 ரூபாய், திருப்பித் தரப்படாது. பிறப்புச் சான்றிதழ் அசலும் நகலும், ஆதார் நகல், இரண்டு போட்டோ, பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல், வெள்ளை உடை, ஷூ, தண்ணீர் கொண்டு வரவும். மட்டை, பேட், கிளவுஸ், ஹெல்மெட் இருந்தால் எடுத்து வரலாம். இல்லாதவர்களுக்கு அகாடமி தரும்."

சந்திரமோகன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"கடைசி வரி என்ன தர்ம சத்திரம் மாதிரி இருக்கு? மெயின்லேண்ட்ல பெரிய அகாடமி போஸ்ட் எல்லாம் பாத்திருக்கியா நீ? ஃபுல் கிட் மேண்டேட்டரின்னு போடுவான். அப்பத்தான் சீரியஸான பசங்க வருவாங்க."

"சார், இங்க யார்கிட்ட சார் ஃபுல் கிட் இருக்கு? நம்ம ஸ்டோர் ரூம்ல மூட்டை மூட்டையா கிடக்கு. அதைக் குடுத்தாப் போகுது."

"அரே, வந்தா குடுக்கத்தானே போறோம்? எழுத்துல கெத்தா இருக்கணும். சொன்னதைப் போடு பானு. அவ்வளவுதான், முடிஞ்சுது."

பானு போட்டாள். "முழு கிட் அவசியம். கிட் இல்லாதவர்களுக்குத் தேர்வு இல்லை." சந்திரமோகன் அதை முதல் வரிக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றினாள்.

அவள் மனசு முழுக்க ஹரிணிமேல்தான் இருந்தது. ஹரிணி அவளுடைய சித்தி மகள், ஹட் பேயில் பள்ளியில் படிக்கிறவள், ஆஃப் ஸ்பின் போடுகிறவள். அவள் பந்து பிட்ச்சில் பட்டுத் திரும்பும்போது ஸ்டம்ப் தானாக விலகிப் படுத்துக்கொள்ளும் என்று அங்கே பேச்சு. அகாடமியில் பதினாறு வயதுக்கு மேல் பிரிவே கிடையாது. இந்த வருஷம் விட்டால் ஹரிணிக்கு அந்தக் கதவு சாத்திவிடும்.

அன்று மாலையே ஹரிணியின் அப்பா ஐயாவு போன் போட்டார்.

"ஏ பானு, நம்ம புள்ளைக்குப் பதினாறு முடிஞ்சிருச்சேம்மா. போன செப்டம்பர் ஒம்பதாந் தேதிதானே கேக் வெட்டினோம். இனிமே எங்குட்டு?"

"இல்ல சித்தப்பா. தேர்வு அன்னிக்கு எத்தனை வயசுன்னு பாக்க மாட்டாங்க. செப்டம்பர் ஒண்ணாந் தேதிதான் கணக்கு. அன்னிக்கு அவளுக்குப் பதினஞ்சுதான். எட்டு நாள் வித்தியாசத்துல தப்பிச்சுட்டா. வந்துறச் சொல்லுங்க, மத்த விவரமெல்லாம் போஸ்ட்ல இருக்கு."

"அச்சா, அச்சா. வந்துருவா."

விவரமெல்லாம் போஸ்ட்டில் இருக்கு என்று சொன்னதைத்தான் பானு பிறகு நெடுநேரம் நினைத்து நினைத்து நொந்துகொண்டாள். கிட் இங்கேயே கிடைக்கும் என்று வாயால் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு வந்தது. அந்தமானில் சூரியன் அவசரக்காரன். ஆறு மணிக்கெல்லாம் மைதானம் உச்சி வெயில் போல் பளபளத்தது. நூறு பேர் வருவார்கள் என்று சந்திரமோகன் பந்தல் போட்டு, கூட்டத்தைத் தடுக்கக் கயிறும் கட்டியிருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு நின்றது. இந்தப் பக்கம் ஒன்பது பிள்ளைகள், எல்லாரும் போர்ட் பிளேர் ஊருக்குள்ளேயே இருக்கிற, அப்பா சம்பாதித்து மெயின்லேண்டிலிருந்து கிட் வரவழைத்த பிள்ளைகள். ஊருக்கு வெளியே வண்டூரிலிருந்து ஆளில்லை. பாராடாங்கிலிருந்து ஆளில்லை.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் அதிலிருந்து ஒரு பை இறங்கியது. பை இறங்கி முடிக்கவே நேரமாயிற்று. அதைத் தள்ளிக்கொண்டு ராணி இறங்கினாள். ஹட் பே பஜாரில் டீக்கடை வைத்திருப்பவள். பிறகு அவள் மகன் கௌதம், தலையில் ஹெல்மெட்டோடு. ஆட்டோவுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான், வேறு இடமில்லை.

பானு ஓடினாள். "ராணி அக்கா, ஹரிணி எங்கே?"

"ஊர்லதான் இருக்கா."

"ஊர்லயா? ஏன்?"

"நீ போட்டதைப் படிச்சுட்டுத்தாம்மா. ஃபுல் கிட் இல்லாதவனுக்கு இல்லேன்னு போட்டுட்டே. ஹட் பேயில ஃபுல் கிட் யாருகிட்ட இருக்கு? ஒருத்தன்கிட்ட மட்டை, ஒருத்தன்கிட்ட ஒரு காலு பேட். எல்லாரும் என் கடையில உக்காந்து பேசினாங்க. பதிமூணு பேரும் போய்ச் சும்மா திரும்பி வர்றதுக்குப் பதிலா, இருக்கறதை எல்லாம் சேத்து ஒரே ஒரு ஆளையாவது முழுசா அனுப்பிருவோம்னு முடிவாச்சு."

பை திறந்தது. கால் பேட் ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. கிளவுஸ் இரண்டும் வலது கைக்கானவை. மட்டையின் கைப்பிடியில் மீன் வலை நூல் சுற்றியிருந்தது. தொடையில் கட்டும் காப்பு ஒன்றில் 'ஹரிணி' என்று பால்பாயிண்ட்டில் எழுதியிருந்தது. ஹட் பேயின் கிரிக்கெட் மொத்தமும் அந்தப் பைக்குள் கிடந்தது. இப்போது அங்கே ஒரு பந்து போட்டால் அதை அடிக்க ஒரு கட்டைகூட இல்லை.

"அது சரி அக்கா, ஹரிணியை அனுப்பறதுதானே? அவதானே நல்லா ஆடுவா?"

"கிரிக்கெட் ஷூ ஒரே ஒரு ஜோடிதாம்மா இருந்துச்சு, எட்டாம் நம்பர். ஒவ்வொருத்தரா போட்டுப் பாத்தாங்க. இவன் காலுக்குத்தான் சரியா இருந்துச்சு."

கௌதம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மரியாதையாகச் சொன்னான்: "நான் ஸ்கோர் எழுதறவன் அக்கா. இதுவரைக்கும் ஆடினதில்ல."

அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. முறைப்படி பிறப்புச் சான்றிதழ் பார்த்தார்கள், கட்டணம் வாங்கினார்கள், வலைக்குள் விட்டார்கள். முதல் பந்து ஸ்டம்ப்பில் பட்டது. இரண்டாவதும். மூன்றாவது பந்துக்குக் கௌதம் மட்டையைத் தூக்கி, "டாட் பால்" என்று அறிவித்தான். ஸ்கோர் எழுதுகிற பழக்கம்.

சந்திரமோகன் பந்தலில் வந்து உட்கார்ந்தார். பானு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இங்க கெத்தா பத்துப் பேரு இருக்காங்க, அதுல ஒருத்தன் ஸ்கோரர். எழுதச் சொன்னது நீங்க, எழுதினது நான். ஹட் பேயில ஒரு பொண்ணு பால் போடாம உக்காந்திருக்கா. அடுத்த வருஷம் அவளை நீங்களே வயசு தாண்டிருச்சுன்னு அனுப்பிருவீங்க."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே? தேர்வு முடிஞ்சுது."

"இன்னொரு நாள் வையுங்க. ஹட் பேயில வையுங்க. கிட்டை நாம கொண்டு போவோம்."

"நான் கப்பல் ஏறி ஆளைத் தேடிப் போகவா? அந்தமான்ல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"இப்ப என்ன பேசுவாங்கன்னு ராணி அக்கா கடையில கேளுங்க சார்."

ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரமோகன் மாட்டைப் பார்த்தார். மாடு கயிற்றைத் தின்றுகொண்டிருந்தது.

"எழுது," என்றார். "ஆனா இந்தத் தடவை நீயே எழுது. நான் பாக்கலை."

பானு அங்கேயே நின்று எழுதினாள். முதல் வரி: "ஹட் பேயில் தேர்வு. கிட் தேவையில்லை, நாங்கள் கொண்டு வருகிறோம்." வயது வரம்பையும் செப்டம்பர் கணக்கையும் சான்றிதழையும் மாற்றாமல் கீழே வைத்தாள். ஷூ இருந்த இடத்தில் 'காலுக்குச் சரியான எந்த ஷூவும்' என்று போட்டாள்.

அடுத்த வாரம் கப்பலில் இடம் கிடைத்தது. ஹட் பே பள்ளி மைதானத்துக்கு அவர்கள் மூட்டைகளோடு போய் இறங்கியபோது, இந்த முறை நிஜமாகவே கயிறு தேவைப்பட்டது. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வயது வரம்புக்குப் போகாதவர்களும் வந்திருந்தார்கள். ஐயாவு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் மூன்றாவதாக நின்றார்.

"சித்தப்பா, நீங்க எங்கே?"

"வெள்ளை உடைன்னு போட்டிருந்தியே."

அவரை ஒருவழியாகப் பந்து பொறுக்க அனுப்பினாள்.

ஹரிணியின் சான்றிதழைச் சந்திரமோகன் தானே வாங்கி, தேதியை விரல் வைத்துப் படித்தார். பிறகு ஸ்டோர் ரூம் பேடைக் கட்டிக்கொண்டு அவரே மட்டையோடு போய் நின்றார். கப்பலுக்குச் சிக்ஸர் அடித்தவர் அல்லவா.

ஹரிணி பள்ளிக்கூடக் கேன்வாஸ் ஷூவில் ஆறு எட்டு வைத்து வந்து போட்டாள். முதல் பந்தை அவர் தடுத்தார். இரண்டாவதை அடிக்க இறங்கினார். பந்து வருகிற வழியில் கொஞ்சம் யோசித்து, அவருடைய மட்டைக்கும் காலுக்கும் நடுவில் குனிந்து புகுந்து, நடு ஸ்டம்ப்பைச் சாய்த்தது. கௌதம் மரத்தடியில் இருந்து எழுதிக்கொண்டான்.

"காத்து," என்றார் சந்திரமோகன். "இன்னொண்ணு போடு."

போட்டாள். அதற்கும் காற்றுதான் காரணம். மூன்றாவதுக்குப் பிறகு அவர் கிளவுஸைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பானுவிடம் வந்தார்.

"பேரைச் சேத்துக்கோ. சனி, ஞாயிறு பிராக்டிஸ்னு சொல்லிரு. ஆனா ஒவ்வொரு வாரமும் அவ கப்பல்ல வந்து போக முடியாது, போர்ட் பிளேர்லயே தங்கணும், சொல்லிட்டேன்."

பானு பேரைச் சேர்த்தாள். ஹரிணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க ரூம்ல ஃபேன் எந்தப் பக்கம் இருக்கு?"

"நடுவுல."

"அப்ப சரி," என்று ஹரிணி அடுத்தவருக்குப் பந்தைத் தூக்கிப் போட்டாள்.