காணாமற்போன கேக்குகளுக்கு ஒரு புகார்

ஆவடி ராயப்பனின் கேக்குக் கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்துபவள் ரெனிதா. கிறிஸ்துமஸ் வரைக்குமான பதிவுகளை, சரம் தொடுப்பதுபோல், நேரம் பார்த்துத் தானே வெளியிடும் செயலியொன்றில் வரிசையாகக் கோத்துவைத்துவிட்டு நிம்மதியாயிருந்தாள். அந்த நிம்மதியைக் குலைக்க ராயப்பனே திருமுல்லைவாயிலில் அவள் ஃபிளாட்டின் படியேறி வந்தார்.

"இன்னாம்மா, நம்ம பக்கம் பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி கம்முனு கீது? பிளம் கேக்குக்கு ஒரு ஆர்டர் இல்ல!"

செயலியைத் திறந்தாள். வரிசை வெறிச்சோடிக் கிடந்தது. வெளியானவற்றிலும் இல்லை, வெளியாகாமல் தவறியவற்றிலும் இல்லை. மாதச் சந்தா மட்டும், நோன்பு தவறாத அடியாரைப்போல, அன்று காலையே அவள் கார்டிலிருந்து கழிந்திருந்தது.

"எல்லாம் போட்டுவெச்சேன் அங்கிள், சத்தியமா."

"ஜாபஸும் இப்டித்தான் சத்தியம் பண்ணுவான். என் மச்சான் புள்ள, காசு கேக்காம செய்வான். பக்கத்த அவன்கிட்ட குட்துடவா?"

தொழில் தொடங்கியபின் அவளை நம்பி வந்த முதல் வாடிக்கையாளர் அவர். அவர் போனால் ஆவடிக் கடைத்தெரு முழுக்கப் பேச்சுப் பரவும். ரெனிதா செயலி நிறுவனத்துக்கு அனல் பறக்கப் புகார் எழுதி அனுப்பினாள். நொடியில் தானியங்கிப் பதில் வந்தது: 'உங்கள் கணக்கில் பதிவுகள் எவையும் இல்லை. நீங்களே நீக்கியிருக்கலாம். கணக்கை மீண்டும் இணைத்துப் பாருங்கள்.'

"பாத்தியா, அவனும் நீ போடலன்றான்" என்றார் ராயப்பன்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. எந்தப் பதிவும் ராயப்பன் ஒப்புதல் தராமல் வரிசையில் ஏறியதில்லை. ஒவ்வொன்றுக்கும் செயலி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்.

"அங்கிள், உங்க போன குடுங்க."

தேடியதும் மின்னஞ்சல்கள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றிலும் படம், வாசகம், வெளியாகவேண்டிய நாள், கீழே அவர் திருவாய் மலர்ந்த குறிப்பு: 'ஓகே. திராட்சை கம்மியா தெரியுது.' 'ஓகே. தட்டு சரியில்ல.'

ராயப்பன் தொண்டையைச் செருமினார். "நான்தான் சாட்சியா? அப்ப நானும் எழுதுறேன்."

அந்த மின்னஞ்சல்களோடு, யாரும் எதையும் நீக்கவில்லை என்று காட்டும் செயலியின் நடவடிக்கைக் குறிப்பையும் சந்தா ரசீதையும் இணைத்து இரண்டாம் கடிதம் உருவாயிற்று. கடைசி வரியை ராயப்பன் சொல்ல, அவள் ஆங்கிலமாக்கினாள்: 'கேக்கு இல்லாத டப்பாவுக்கு நான் பில் போட்டால் என் வாடிக்கையாளர் என்னைச் சும்மா விடுவாரா?'

மறுநாள், அவர் மீண்டும் வந்து உட்கார்ந்திருக்கையில், மெய்யான மனிதர் ஒருவர் பதில் எழுதினார். சர்வர் மாற்றியபோது வரிசை தவறிவிட்டது, மன்னியுங்கள், இம்மாதச் சந்தா திரும்பி வரும், பதிவுகளை வரைவுகளாக மீட்டுவிட்டோம் என்றிருந்தது.

வரைவுகளுக்கு ரெனிதா புதுத் தேதியிட்டு அனுப்பினாள். ராயப்பனின் போன் கோயில் மணியாய் ஓயாமல் ஒலித்தது. எல்லாம் மறுபடியும் அவருடைய ஒப்புதலை வேண்டி நின்றன.

ஜாபஸின் பெயரை அவர் அப்புறம் எடுக்கவேயில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஓகே" என்றார். "ஆனா திராட்சை இப்பவும் கம்மிதாம்மா."