அந்தரத்தில் நின்ற தீ

மதியச் சாப்பாட்டுக் கடையின் அடுப்பு ஒரு வாரமாகவே சரியில்லை. பெரிய பர்னரைப் பற்றவைத்தால் சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் தீ வரும், அதுவும் குட்டையாக, துளைகளுக்குள்ளேயே பதுங்கிக்கொள்வதுபோல. சோற்றுப் பானை கொதிக்கவே அரை நாள் ஆகிவிடும்போல இருந்தது.

கடை அக்காளுடையது. சமைப்பது அவள், பாத்திரமும் அடுப்பும் துலக்குவது தங்கை. அக்காளின் கணவர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், மேற்பார்வை பார்க்கிறார் என்று தங்கை சொல்வாள். அவள் அதைச் சொல்லும் விதத்தில் கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

மேற்பார்வையாளருக்கு அடுப்பைப் பற்றி எல்லாம் தெரியும். அடுப்பைப் பற்றி மட்டுமா, மழை ஏன் பெய்கிறது, வேலைக்கு வந்தவன் ஏன் ஓடுகிறான், பக்கத்துக் கடை ஏன் நடக்கிறது, நம்முடையது ஏன் நடக்கவில்லை, எல்லாமே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: எப்போது வாயை மூட வேண்டும் என்பது.

சென்ற வாரம் அவர் ஒரு பழைய கார் வாங்கினார். அதற்கு நிழல் வேண்டும் என்றார். கடையின் பின்புறம் இருந்த ஒரே நிழலில் சிலிண்டர் நின்றது. அதை மதிலோரம் தள்ளிவிட்டு, நீளமான ரப்பர் குழாய் ஒன்றை வாங்கி, அதைச் சமையலறைக்குள் இழுத்து, பனிப்பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் அடுப்பில் மாட்டினார். இதையெல்லாம் தனியாகவே செய்தார் என்பதில் அவருக்குப் பெருமை. மனைவி வேண்டாம் என்றதற்கு, உனக்கென்ன தெரியும் என்பதுதான் பதில்.

தீ குறைந்ததும் அவருடைய தீர்ப்பு உடனே வந்தது. தங்கை பர்னரைத் துலக்குகிறேன் என்று துளைகளை அடைத்துவிட்டாள். தங்கை ஓர் ஊசியை எடுத்து வந்தாள். ஒவ்வொரு துளையையும் குத்திக் காட்டினாள். எதுவும் அடைத்திருக்கவில்லை. அப்படியானால் அடுப்பே பழசு என்று தீர்ப்பு மாறியது.

மூன்றாவது தீர்ப்புக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவருடைய நண்பர். அடுப்பு பழுதுபார்ப்பவர். ஒவ்வொரு பர்னருக்கும் முன்னால் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு பேசுவதால் தங்கை அவருக்கு ‘சர்ஜன்’ என்று பெயர் வைத்திருந்தாள். சர்ஜன் குழாயைப் பார்க்கவில்லை, சிலிண்டரைப் பார்க்கவில்லை. பர்னரின் கழுத்தில் காற்று புகும் வளையத்தைத் திருகி முழுதாகத் திறந்துவிட்டார். காற்று போதவில்லை, இனிப் பாருங்கள், நீலமாக எரியும் என்றார்.

நீலமாகத்தான் எரிந்தது. ஆனால் துளைகளின் மேல் உட்காரவில்லை. ஒரு விரற்கடை உயரத்தில், காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றது. பர்னர் மூடியின் ஒரு பக்கம் தீ இருந்தது, மறுபக்கம் வெறுமையாக இருந்தது. ஒரு நொடி அணைந்தது, வாயு வாடை அடித்தது. அக்காள் திருகியை மூடினாள். சர்ஜன் இது அடுப்பு புதிதாகிவிட்டதற்கு அறிகுறி என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்.

அவர் போனதும் கணவர் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று குனிந்தார். சர்ஜன் சொன்னது சரிதான், நீங்கள் பயந்துகொண்டு பற்றவைக்கிறீர்கள், அதனால்தான் வெடிக்கிறது என்றார். திருகியைத் திறந்தார், லைட்டரை வெறுமையாக இருந்த பக்கத்தில் பிடித்துச் சொடுக்கிக்கொண்டே பேசினார். பேச்சு நீண்டது. மறுபக்கம் வாயு சேர்ந்தது.

சத்தம் வாசல் வரை கேட்டது. அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மீசையின் இடது பாதி சுருண்டு பொசுங்கியது, புருவத்தின் ஓரம் போயிற்று. சில நொடிகள் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தக் கடையில் அதுவே ஓர் அதிசயம்.

அக்காள் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வந்து, ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டாள். அவருக்கு ஈரத் துணி கொடுத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட அவரை ஒரு பொருட்டாக நினைக்க வேண்டும்.

அடுப்பு ஆறிய பிறகு தங்கை பர்னர் மூடியை விரலால் தொட்டாள். அது ஆடியது.

“அக்கா, இது சரியா உட்காரல. அடியில இருக்கிற முளை பள்ளத்துல இறங்கணும். நான் கழுவிட்டு வச்சப்ப பாக்கல போல. என் தப்புதான்.”

தப்பை ஒரு வரியில் ஒத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அக்காளுக்குத் தோன்றியது. மூடியைத் திருப்பி, முளை பள்ளத்தில் பொருந்தும்படி வைத்து, நாலா பக்கமும் அழுத்திப் பார்த்தாள். இப்போது அசையவில்லை. வால்வைத் திறந்து பற்றவைத்தாள். வெடிக்கவில்லை, தீ வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. ஆனால் இன்னும் மேலே நின்று நடுங்கியது.

“வளையம் கதைய அப்புறம் பாப்போம்” என்றாள் அக்காள். சின்ன பர்னரைத் திறந்து பற்றவைத்தாள். அதே நொடியில் பெரிய தீ சுருங்கியது. சின்னதை அணைத்தாள், பெரியது எழுந்தது. மறுபடியும் செய்து பார்த்தாள். அதேதான்.

“ரெண்டு பர்னருக்குப் பத்தலன்னா, வர்றதே கம்மியாத்தான் வருது. சிலிண்டர் நேத்துதான் மாத்துனோம், காலி இல்ல. அப்போ வழியில எங்கயோ நெருக்குது.”

எல்லாவற்றையும் மூடிவிட்டு, குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனாள். பனிப்பெட்டியின் பின்கால் அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. கனமான இரும்புக் காலின் கீழ் ரப்பர் சப்பையாகப் போயிருந்தது. குழாயை இழுத்த அன்று கணவர் பெட்டியைத் தனியாகத் தள்ளி வைத்த இடம்.

அவர் ஈரத் துணிக்குப் பின்னாலிருந்து, குழாய் மட்டமான சரக்கு என்று ஆரம்பித்தார்.

“சரக்கு நல்ல சரக்குதான்,” என்றாள் அக்காள். “ஆள்தான் மட்டம். காரை வெளிய எடுங்க.”

அவர் எடுத்தார். சாவியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நடித்துவிட்டு எடுத்தார். நசுங்கிய குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிலிண்டரைப் பழைய நிழலுக்கே கொண்டுவந்து, குட்டையான புதுக் குழாயை மாட்டினார்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி எழுகிறதா என்று தங்கை மண்டியிட்டுப் பார்த்தாள். எழவில்லை.

பற்றவைத்தபோது தீ சீறிக்கொண்டு பர்னரை விட்டே எழும்பியது. இப்போது வாயு முழு அழுத்தத்தில் வந்தது, சர்ஜன் திறந்துவிட்ட காற்றோ அதற்கு மேல் இருந்தது. அக்காள் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினாள். சீறல் அடங்கியது. தீ இறங்கி வந்து ஒவ்வொரு துளையின் மேலும் அமர்ந்தது, உள்ளே சிறிய நீலக் கூம்புகள் அசையாமல் நின்றன. இன்னும் மூடினால் நுனி மஞ்சளாகும் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயே விட்டுவிட்டாள்.

மதியச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது. காத்திருந்தவர்களுக்குக் கணவர், பாதி மீசையோடு, வாயு அழுத்தம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். கோளாறைத் தானே கண்டுபிடித்ததாகவும் ஒரு வார்த்தை சேர்த்தார். தங்கை கரண்டியோடு வெளியே போகப் பார்த்தாள், அக்காள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடு. பேசிட்டுப் போகட்டும். அந்த வாய் இங்க உள்ள வராம இருந்தா போதும்.”

சோற்றைக் கிளறித் தட்டில் போட ஆரம்பித்தாள்.