வாசக நிலை: அண்ணி பார்க்கணும்

என் கணவர் பேசாத மனிதர் என்று ஊரில் பேர். அதில் பாதிதான் உண்மை. சோபாவுக்கு உறை மாட்டுகிறவருக்குப் பகல் முழுக்க வாயில் நாலு ஆணி இருக்கும். ஒவ்வொன்றாக உதட்டுக்கு நகர்த்தி, எடுத்து, சுத்தியலால் ஒரு தட்டு. ஆணியை வைத்துக்கொண்டு என்ன பேச முடியும்? "ம்" என்றால் சரி, "ம்ம்" என்றால் வேண்டாம். பதினோரு வருஷமாக இந்த இரண்டு எழுத்தில் குடும்பம் நடத்துகிறேன்.

கடைச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள் வரிசையாக அடித்திருக்கும். வேலை வந்தால் சீட்டு எழுதி ஒன்றில் மாட்டுவோம், வேலை முடிந்தால் கழற்றுவோம். அந்த மாதம் பத்தாம் தேதியிலிருந்து மூன்றே மூன்று சீட்டுகள்தான் தொங்கின. மற்ற ஒன்பதும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தன.

வெளியூரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை அவரைக் கூப்பிட்டிருந்தது. நாளைக்கு நூற்றிருபது இருக்கை, மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் ஆணியை எல்லாம் கையில் துப்பிவிட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "முப்பதுக்குள்ள பன்னெண்டும் நிறைஞ்சா போகல. இல்லன்னா போறேன்."

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்ல என் வாய்க்கு என்ன கேடு? ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பூட்டிக்கொண்டது. வீம்பு. வேறென்ன.

அப்போதுதான் என் நாத்தனார் கைப்பேசியும் கையுமாகக் களத்தில் இறங்கினாள். அவரைவிட ஒன்பது வயது சின்னவள், அதனால் வீட்டில் அவள் பெயரே சின்னவள்தான். "அண்ணி, நம்ம கடை இருக்குன்னே யாருக்கும் தெரியாது. பதினஞ்சுலேர்ந்து முப்பது வரைக்கும் தினம் பதிவு போடணும். கண்டபடி போடக் கூடாது, அட்டவணை வேணும்" என்றாள்.

போட்டாள் பாருங்கள் ஒரு அட்டவணை. தேதி, நேரம். பதிவு வகை: படமா, வீடியோவா. படம் எங்கே இருக்கிறது. வாசகம், அதாவது படத்துக்குக் கீழே எழுதுவது. அதற்குப் பக்கத்தில் வாசக நிலை. கடைசியில் எங்கே போடுவது: இன்ஸ்டாவா, ஃபேஸ்புக்கா, வாட்ஸ்அப்பா. எழுதத் தொடங்கிய வாசகத்துக்கு நிலை 'பாதி'. எழுதி முடித்துப் பிழை திருத்த என்னிடம் வந்தால் 'அண்ணி பார்க்கணும்'. நான் பார்த்து ஒப்புக்கொண்டால் 'முடிந்தது'. முடிந்த வரிகளை மட்டும், நேரம் குறித்துத் தானாகவே போடும் ஒரு செயலியில் ஏற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் நான் கையால் அனுப்ப வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. தொழிற்சாலை மேலாளர்கூட இப்படி வேலை பிரித்திருக்க மாட்டார்.

பதினைந்தாம் தேதி அதிகாலையில் சின்னவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. பல் மருத்துவர் எட்டு மணிக்கு வரச் சொன்னார். கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்டவணையைச் செயலியில் ஏற்றினாள். அட்டவணையின் எந்தப் பத்தியை எடுத்துப் படத்துக்குக் கீழே போடட்டும் என்று செயலி கேட்டிருக்கிறது. சின்னத் திரையில் 'வாசகம்' என்பதும் 'வாசக நிலை' என்பதும் 'வாசக…' என்றே தெரிந்திருக்கின்றன. இவள் இரண்டாவதைத் தொட்டாள். முடிந்த வரிகளைப் பிரித்தெடுக்கவும் மறந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை.

எட்டு மணிக்கு இன்ஸ்டாவில் முதல் படம் போயிற்று. புதுப்பித்த நாற்காலி ஒன்று, பின்னால் எங்கள் கடை ஷட்டர் முழுக்க இறக்கியபடி. பின்னணி சுத்தமாக இருக்கட்டும் என்று ஷட்டரை இறக்கச் சொன்னதே நான்தான். படத்துக்குக் கீழே ஒரே ஒரு சொல்: முடிந்தது.

ஒன்பதரைக்கு ஃபேஸ்புக்கில் இரண்டாவது. என் கணவர் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தனியாக டீ குடிக்கிறார். "இவர் வாயில் ஆணி இல்லாத நேரம் இது மட்டும்தான்" என்று சின்னவள் எழுதியிருந்தாள். அதுவா போயிற்று? அண்ணி பார்க்கணும் என்று போயிற்று.

எனக்கு ஒன்றும் தெரியாது. தையல் இயந்திரச் சத்தத்தில் கைப்பேசி மேசை இழுப்பறையில் அலறிக்கொண்டு கிடந்தது. பத்து மணிக்குச் சலூன்காரர் ஒரு தள்ளுவண்டியில் இரண்டு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். இரண்டு வருஷமாக "அடுத்த மாசம்" என்று சொன்ன மனிதர்.

"இதையாவது அண்ணன் கையால செஞ்சு குடுத்துடச் சொல்லுங்கம்மா" என்றார், குரல் கம்ம.

நல்ல நாள் என்று நினைத்துச் சீட்டு எழுதி மாட்டினேன். அவர் பின்னாலேயே பியானோ கற்றுக்கொடுக்கிற அம்மா முக்காலியோடு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கோம்மா" என்றார். முக்காலியில் பேசித் தீர்க்க என்ன இருக்கிறது என்று விழித்தேன். பிறகு ஒரு வேன் ஓட்டுநர், ஒரு நூலகப் பொறுப்பாளர், ஆறு சாப்பாட்டு நாற்காலிகளோடு ஒரு புதுமணத் தம்பதி. அந்தப் புதுப்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்றாள்.

"பின்னே எங்க இருப்பேன்?"

இழுப்பறையைத் திறந்தேன். அம்மாவிடமிருந்து பதினெட்டு அழைப்புகள். எடுத்ததும், "ஒண்ணும் யோசிக்காதே, துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்துடு. அப்பா உன் அறையை ஒழிச்சுட்டாரு" என்றாள்.

அடுத்ததாகச் சின்னவள் கூப்பிட்டாள். வாய் பாதி மரத்துப்போயிருந்தது.

"அண்ஈ… நி'ஐ! நி'ஐ!"

"நிலைமையா? நிலைமை மோசம்டி! என்னைத் துரத்திட்டாருன்னு ஊரே சொல்லுது!"

"வாச' நி'ஐ!" என்று அழுதாள்.

அதே நேரம் பதினொரு மணி ஆகி மூன்றாவது பதிவும் போனது. என் கணவர் ஒரு பழைய சோபாவைக் குறடால் கிழி கிழியென்று கிழிக்கிற வீடியோ. கீழே: பாதி. வேன் ஓட்டுநர் தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "சொத்தை ரெண்டாப் பிரிச்சுட்டாங்க போல" என்று கிசுகிசுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடிந்தது, அண்ணி பார்க்கணும், பாதி. அட்டவணையின் நிலைகளை ஊரார் எங்கள் குடும்பக் கதையாக வாசித்திருக்கிறார்கள்.

தொழிற்சாலை கூப்பிட்ட சேதி ஏற்கெனவே ஊரில் கசிந்திருந்தது. சலூன்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார். "கடையை மூடிட்டு அண்ணன் ஃபேக்டரிக்குப் போறாராமே, உண்மையாம்மா?"

"போக மாட்டாரு!" என்று கத்தினேன். "யாரு விடுறது? பதினோரு வருஷமா அந்த சுத்தியல் சத்தம் கேட்டுத்தான் எனக்குப் பொழுதே விடியுது. அவர் இல்லாம என்னால ஒரு நாள் இருக்க முடியாது!"

உள்ளே சுத்தியல் நின்றது.

அவர் வாசலுக்கு வந்தார். எல்லாரும் வழி விட்டார்கள். வாயிலிருந்து நாலு ஆணிகளையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, காதோரம் சிவக்க என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். சின்னவளின் பதிவுகளைக் காட்டினேன். படித்தார், அட்டவணையைப் படித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது எங்கள் கல்யாணத்தில், மாலை அவர் காதில் மாட்டிக்கொண்டபோதுதான்.

பிறகு சுவரைப் பார்த்தார். எட்டுச் சீட்டுகள்.

"எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடு" என்றார்.

மறைப்பானேன், சும்மா இருந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. நாலே நாலு ஆணிதானே பாக்கி! ஆனால் பொய்யான துக்கத்துக்கு வந்த நாற்காலியில் அவர் கை வைக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் என் பொறுப்பு. எந்த நிலையும் பார்க்காமல் தட்டி அனுப்பினேன்: "கடை மூடவில்லை. நான் வீட்டைவிட்டுப் போகவில்லை. முடிந்தது நாற்காலி, பாதி எழுதியது வாசகம், அதைப் பார்க்க வேண்டிய அண்ணி நான். தவறாக நினைத்துப் பொருள் கொடுத்தவர்கள் தாராளமாகத் திரும்ப எடுத்துப் போகலாம்."

கூடியிருந்தவர்களும் படித்தார்கள். பியானோ அம்மா கொல்லென்று சிரித்தார், கடையே சிரித்தது. நூலகப் பொறுப்பாளர் மட்டும், "அவசரமில்லைன்னா பட்ஜெட் வந்ததும் கொண்டுவர்றேன்" என்று தன் பொருளை எடுத்துப் போனார். ஏழு. சலூன்காரர், "கொண்டுவந்தது கொண்டுவந்தாச்சு. திரும்பத் தள்ளிட்டுப் போக என்னால ஆகாது" என்றார்.

சின்னவள் வீங்கிய கன்னத்தோடு வந்து, மிச்சப் பதிவுகளை எல்லாம் செயலியிலிருந்து எடுத்து, பத்தியைச் சரியாகக் காட்டி, முடிந்தவற்றை மட்டும் மறுபடி ஏற்றினாள். இப்போது ஊர் அவள் எழுதுவதைப் படித்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் யாராவது ஒருவர், "அண்ணி பார்த்தாச்சா?" என்று கேட்காமல் போவதில்லை. பல் மருத்துவர் காத்திருப்போர் பெஞ்சை அனுப்பினார். முப்பது வரை எந்தச் சீட்டையும் கழற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு சீட்டு என்று ஏறி, முப்பதாம் தேதி மதியம் பதினொன்று ஆயிற்று.

அதோடு நின்றது. மூன்று மணி, நாலு மணி, ஐந்து மணி. தெருவில் நாற்காலி தூக்கிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று நானும் சின்னவளும் வாசலில் தவம் கிடந்தோம். சொன்ன சொல் மாறாத மனிதர் அவர். பன்னிரண்டாவது ஆணி மட்டும் மொட்டையாக நின்றது. எனக்கு அழுகை முட்டியது.

அவர் எழுந்து மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போனார். தொழிற்சாலைக்குப் போன் பண்ணத்தான் என்று நினைத்தேன். தட தடவென்று படியில் எதுவோ இறங்கியது. எங்கள் கூடத்துச் சாய்வு நாற்காலி! ஸ்பாஞ்ச் பிதுங்கி, ஏழு வருஷமாக நான் முனகி முனகி, அவர் "ம்" சொல்லிச் சொல்லிக் கிடந்த அதே நாற்காலி. அதை நடுக்கடையில் வைத்தார், சீட்டு எழுதினார், பன்னிரண்டாவது ஆணியில் மாட்டினார்.

போய்ப் படித்தேன். வாடிக்கையாளர்: என் வீட்டுக்காரி. கொடுக்க வேண்டிய தேதி: அடுத்த மாதம் பத்து.

"இது கள்ள ஆட்டம்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வேலை வேலைதானே" என்றார். "அதுவுமில்லாம ஃபேக்டரிக்கு அன்னிக்கே சொல்லிட்டேன், வரலன்னு. நீ கத்தின அன்னிக்கே."

"பாவி மனுஷா! பதினஞ்சு நாளா என்னைத் தவிக்க விட்டீங்களே!"

"வாயில ஆணி இருந்துச்சு" என்றார்.

சின்னவள் சாய்வு நாற்காலியைப் படம் எடுத்து, அட்டவணையில் புது வரி சேர்த்தாள். தேதி ஒன்று, வகை படம், இன்ஸ்டா. "வாசகம் என்ன போடட்டும் அண்ணி?"

"அது உன் வேலை. நிலை மட்டும் நான் எழுதறேன்" என்று கைப்பேசியை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினேன்.

அண்ணி பார்த்தாச்சு.