குறுக்கே தாண்டும்போது ஒரு மைல்

“ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு யோசனையா? உன் சொத்தையா எழுதிக் கேக்கிறேன்?” என்றார் கேப்டன்.

அவள் அந்தப் படகின் துணை அதிகாரி. நின்று யோசிக்க அந்தச் சுக்கானறையில் இடம்கூட இல்லை. நாலு பக்கமும் கண்ணாடி, நடுவில் ரேடார், ரேடாருக்குப் பின்னால் ஒரு முக்காலி, முக்காலியில் அவர். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சு விடக் கூடாது. சுக்கானைப் பிடித்திருந்தவருக்கு எல்லோரும் வைத்திருந்த பேர் மௌனசாமி. வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

“போட்டுடுங்க மேடம். பெரியவர் எழுதினா சரியாத்தான் இருக்கும். எங்க வீட்ல நான் படிச்சுப் பாத்துப் போட்ட கையெழுத்தே கிடையாது, கல்யாணப் பதிவு உட்பட.”

“உன்னைக் கேட்டேனா?” என்றார் கேப்டன்.

“கேக்கல கேப்டன்.”

படகு அப்போதுதான் துறையைவிட்டுக் கிளம்பியிருந்தது. கீழே நூற்றெண்பது பயணிகள். எதிரே தீவு. நாற்பது நிமிஷப் பயணம், சரியாகப் பாதியில் பெரிய கப்பல்கள் போகும் பாதை குறுக்கிடும். இவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே போவார்கள், கப்பல்கள் தெற்கிலிருந்து வடக்கே வரும். பெரிய கப்பலுக்கும் பயணிகள் படகுக்கும் நடுவே எந்த நேரத்திலும் ஒரு மைலுக்குக் குறையக் கூடாது என்பது துறைமுகத்தின் சட்டம்.

நேற்று குறைந்துவிட்டது என்று காலையில் கடிதம் வந்திருந்தது. ‘மிக நெருங்கிய தூரம் 0.6 மைல். செலுத்தியவர் யார், நடந்தது என்ன, இன்று பகலுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.’

கேப்டன் எழுதிய பதில் அவள் கையில் இருந்தது. ‘படகை நானே செலுத்தினேன். கப்பலின் முன்னே தாண்டும்போது முழுதாக ஒரு மைல் இடைவெளி இருந்தது. உடனிருந்த அதிகாரி சாட்சி.’

உடனிருந்த அதிகாரி அவள். அங்கேதான் சிக்கல். நேற்று அந்த நேரத்தில் இவர் இன்ஜின் அறைக்கு இறங்கிப் போயிருந்தார். படகைச் செலுத்தியது அவள்தான். வேலை நிரந்தரமாக அவளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தால், அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியது. அது தெரிந்துதான் மனிதர் தன் தலையைக் கொடுக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கறுப்புப் புள்ளி விழாத தலை. ஓய்வு பெறப் பதினொரு மாதம்.

வேறு கேப்டனாக இருந்தால் ‘வேண்டாம் சார்’ என்று சொல்லிவிடலாம். இவர் அவளுடைய மாமனார். புருஷன் ஏழு மாதமாக எங்கோ ஒரு சரக்குக் கப்பலில். காலையில் சாப்பாட்டு மேசையில் எதிரே இவர், எட்டு மணிக்குச் சுக்கானறையில் பின்னால் இவர், ராத்திரி மறுபடி சாப்பாட்டு மேசையில் இவர். கோபித்துக்கொண்டு எழுந்து போக ஒரு கதவு வேண்டாமா? எந்தக் கதவைத் திறந்தாலும் அந்தப் பக்கமும் அவரே நிற்கிறார்.

“மாமா, நேத்து ஒரு மைல் இருந்ததா?”

“இங்க நான் மாமா இல்ல.”

“கேப்டன், இருந்ததா?”

“நீதானே ஓட்டின? நீயே சொல்லு.”

“தாண்டும்போது இருந்தது. ரேடார்ல அளந்தேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே.”

“அப்புறம் என்ன? அவங்க மிஷின் தப்பு.”

அவருடைய வழக்கம் அது. கப்பலின் பாதையைத் தாண்டும் அந்தக் கணத்தில் கப்பல் ஒரு மைல் தள்ளி இருக்குமா? இருந்தால் போ. தாண்டியாயிற்றா? முகத்தைத் தீவுப் பக்கம் திருப்பு, டீயை எடு. பின்னால் வருகிறவன் இனி அவன் பாடு.

கடிதம் வந்ததிலிருந்து அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். தன் ரேடாரும் பொய் சொல்லவில்லை, துறைமுகத்தின் மிஷினும் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குக் கிலியாக இருந்தது.

“வலது பக்கம் ஒருத்தன் வர்றான் மேடம்” என்றார் மௌனசாமி. “நேத்து வந்தவனோட அண்ணன் மாதிரி இருக்கான்.”

அவள் ரேடாரில் குனிந்தாள். கப்பல், பதினாறு நாட் வேகம், அதாவது மணிக்குப் பதினாறு கடல் மைல், நேர் வடக்கே. இவர்கள் பன்னிரண்டு நாட், நேர் கிழக்கே. மெழுகுப் பென்சிலால் திரையில் ஒரு புள்ளி வைத்தாள். தூரம் கிட்டத்தட்ட ஆறு மைல்.

“கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்” என்றார் கேப்டன், முக்காலியிலிருந்து எழாமலே. “தாண்டும்போது ஒரு மைல் இருக்கும். போ.”

மூன்று நிமிஷம் கழித்து இரண்டாவது புள்ளி. இன்னும் மூன்று நிமிஷம், மூன்றாவது. கடைசித் தூரம் நாலு மைலுக்குச் சற்றுக் குறைவு. அவள் ஸ்கேலை வைத்து மூன்றையும் சேர்த்துக் கோடு இழுத்தாள். திரையின் நடுப்புள்ளி அவர்களுடைய படகு. கோடு அந்த நடுப்புள்ளியை ஒதுக்கி, படகின் பின்பக்கமாகப் போனது. எவ்வளவு ஒதுக்கி? அளந்தாள். பூஜ்யம் புள்ளி ஆறு.

நேற்றும் இதேதான். நேற்று அவள் கோடு இழுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“கேப்டன், இன்னைக்கும் அதே ஆறு வருது. நிறுத்தப் போறேன்.”

“என்னது?”

“நிறுத்தினா அவன் ஒண்ணரை மைலுக்கு மேல தள்ளி நமக்கு முன்னால போயிடுவான்.”

“நூத்தெண்பது பேரை நடுக்கடல்ல நிக்க வைப்பியா? போங்கறேன்!”

அவள் கை இன்ஜின் லீவரின் மேல் இருந்தது. அது தன் கைதானா என்று அவளுக்கே சந்தேகம். இந்த வீட்டில் கால் வைத்த நாள் முதல் இவர் ‘போ’ என்றால் போயிருக்கிறாள், ‘இரு’ என்றால் இருந்திருக்கிறாள்.

லீவரைப் பின்னால் இழுத்தாள். இன்ஜின் சத்தம் தாழ்ந்தது. படகு கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நின்றது. கீழேயிருந்து, “என்னப்பா, எறங்கித் தள்ளணுமா?” என்று ஒரு குரல்.

மௌனசாமி முதல்முறையாகப் பேசவில்லை.

கேப்டன் எழுந்தார். எழுந்தவருக்குப் போக இடமில்லை. கதவைத் திறந்தால் பயணிகள் பார்ப்பார்கள். கப்பல் போகும்வரை பதிமூன்று நிமிஷம் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நின்றாக வேண்டும்.

“இருபத்திரண்டு வருஷம்” என்றார். “நீ சின்னப் பாவாடை கட்டிட்டு இருந்தப்ப நான் இந்தப் பாதையைத் தாண்டிட்டு இருந்தேன்.”

“தெரியும். ஒரு நிமிஷம் பாருங்க.” அவள் அவருடைய பதிலையே திருப்பி, பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். “நம்ம படகு நகரவே இல்லைன்னு வச்சுக்குங்க.”

“இப்ப நகரலதான்.”

“ஓடும்போது சொல்றேன். நம்ம பன்னெண்டையும் எதிர்ப்பக்கமாத் திருப்பி அவன் தலையில கட்டிடுங்க. அப்ப அவன் வடக்கே பதினாறு, மேற்கே பன்னெண்டு. நம்ம கண்ணுக்கு அவன் நேரா வரலை, சாய்வா வர்றான். சேத்துப் பாத்தா இருபது நாட். ரேடார்ல மூணு நிமிஷத்துக்கு ஒரு மைல்னு சரியா நகர்றான் பாருங்க. அது அந்த இருபதுதான்.”

“சரி.”

“நாம தாண்டும்போது அவன் நேர் தெற்கே ஒரு மைல். ஆனா அப்பவும் கிட்ட வந்துட்டேதான் இருக்கான். சாய்வா, நம்ம முதுகுப் பக்கமா. அந்தச் சாய்வுக் கோட்டுக்கு நம்மகிட்டருந்து செங்குத்தா ஒரு கோடு போடுங்க. அதான் ரொம்ப நெருங்கற இடம். ஒரு மைலைப் பன்னெண்டால பெருக்கி இருபதால வகுத்தா, பூஜ்யம் புள்ளி ஆறு. அது எப்பன்னா, தாண்டி ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னால.”

கேப்டன் தாளைப் பார்த்தார். நீட்டிய விரல் முக்கோணத்தின் மேல் நின்றது.

“தாண்டி ரெண்டரை நிமிஷம்னா, நான்…”

“டீ குடிச்சிட்டு இருப்பீங்க.”

மௌனசாமிக்கு இருமல் வந்தது.

“முன்னெல்லாம் ஒம்பது நாட்டுக்கு மேல எவனும் வரமாட்டான்” என்றார் கேப்டன். பென்சிலை வாங்கினார். ஒன்பது, பன்னிரண்டு. எழுதி, வகுத்து, உதட்டைக் கடித்தார். “பதினஞ்சு. அப்பவே பூஜ்யம் புள்ளி எட்டுதான் வருது. ஒரு மைல் இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல.”

அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. வெளியே கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

சற்று நேரம் கழித்து அவர் தாளை முன்பக்கம் திருப்பினார். “சரி. தூரத்தை மாத்தி எழுதறேன். ஆறுன்னே போடறேன். ஓட்டினது நான்ங்கறது அப்படியே இருக்கட்டும். கையெழுத்துப் போடு.”

“மாமா, வேண்டாம்.”

“நீ எழுதினா உனக்கு வேலை போகும். நான் எழுதினா எனக்கு ஒரு திட்டு, அதிகம் போனா ரெண்டு மாசம் வீட்ல உக்காரணும். எது தேவலை?”

“இன்னைக்கு நீங்க எனக்காகப் பொய் எழுதுவீங்க. அப்புறம் ஆயுசு பூரா அந்த மேசையில நான் உங்களுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடணும். ஒரு நாளாவது என்னால உங்களை இல்லைன்னு சொல்ல முடியுமா?”

“இப்ப சொன்னியே, லீவரை இழுத்து.”

ரேடியோ கரகரத்தது. “தீவுப் படகு, தீவுப் படகு. கண்ட்ரோல் பேசுது. ஏன் நிக்கிறீங்க? இன்ஜின் கோளாறா?”

அவர் கை நீட்டுவதற்குள் அவள் மைக்கை எடுத்துவிட்டாள். “கோளாறு இல்ல. கப்பலுக்கு வழி விட்டிருக்கோம். தொடர்ந்து போயிருந்தா நெருங்கற தூரம் பூஜ்யம் புள்ளி ஆறு மைல் வந்திருக்கும்.”

ரேடியோ மறுபடி கரகரத்தது. “செலுத்தறது யாரு?”

“நான்தான். துணை அதிகாரி.” பொத்தானை விடவில்லை. “நேத்து நீங்க கேட்டிருந்த சம்பவத்துலயும் நான்தான். நேத்தும் அதே ஆறு. நான் கோடு போட்டுப் பாக்கலை.”

பொத்தானை விட்டாள். விட்டபிறகுதான், துறைமுகத்தில் ரேடியோ வைத்திருக்கிற அத்தனை பேரும் இதைக் கேட்டிருப்பார்கள் என்று உறைத்தது. இனித் திரும்ப வாங்க முடியாது.

கேப்டன் மைக்கை அவள் கையிலிருந்து எடுத்தார். பிடுங்கவில்லை, எடுத்தார்.

“கேப்டன் பேசறேன். நேத்து நான் மேல இல்ல, இன்ஜின் அறையில இருந்தேன். ஆனா அந்தக் கணக்கு என்னுது. நான் சொல்லிக் குடுத்து அவங்க செஞ்சது. அதையும் எழுதிக்குங்க.”

“…சரி. தீவுலருந்து திரும்பினதும் ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க. படகை அடுத்த ஷிப்ட் ஆள் எடுப்பாங்க.”

அதாவது இந்தப் பயணத்தோடு சரி. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் தெரியாது.

“உன் புருஷன் ஃபோன் பண்ணினா நான் என்னன்னு சொல்வேன்?” என்றார் கேப்டன்.

“உங்க மருமக நடுக்கடல்ல நின்னுட்டான்னு சொல்லுங்க.”

அவர் சிரிக்கவில்லை. பதிலை எடுத்து, எழுதியதையெல்லாம் ஒரே கோட்டில் அடித்தார். முக்கோணம் இருந்த பக்கம் வெளியே தெரியும்படி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கப்பலின் பின்பகுதியும் பாதையைக் கடந்து வடக்கே போனது. அவள் ஒருமுறை தெற்கே பார்த்தாள், ரேடாரைப் பார்த்தாள், லீவரை முன்னே தள்ளினாள். கீழே யாரோ கை தட்டினார்கள்.

பாதையைத் தாண்டினார்கள். மௌனசாமியின் வாய் பழைய நிலைக்கு வந்தது. “கேப்டன், தாண்டியாச்சு. டீ ஆறிப் போச்சு.”

“ஆறட்டும்” என்றார் கேப்டன். தீவுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். கைக்கடிகாரத்தில் இரண்டரை நிமிஷம் ஆகும்வரை திரும்பவே இல்லை.