மொத்தத்தில் தெரியவில்லை

அந்த அச்சகக் கம்பெனி அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிபாதி. நான் ஆடிட்டர். வருடக் கணக்கில் கையெழுத்து வாங்க அண்ணனின் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

தங்கை பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தாள். பங்குதாரர்களின் பணம் போன வருடம் ஐம்பது லட்சம், இப்போது ஐம்பத்தொன்பது. லாபம் ஒன்பது.

“சரியாத்தான் இருக்கு. லாபத்துல யாரும் டிவிடெண்ட் எடுக்கலன்னு அண்ணன் சொன்னாரு,” என்று பேனாவைத் திறந்தாள்.

“அடுத்த பக்கத்தையும் பாத்துட்டுப் போடுங்க,” என்றேன். அண்ணன் முறைத்தார். முறைக்கட்டும்.

ஐம்பது எப்படி ஐம்பத்தொன்பது ஆனது என்று சொல்லும் பக்கம் அது. சேர்த்துவைத்த லாபம் நாற்பதில் ஒன்பது ஏறி, டிவிடெண்டாக இருபது இறங்கி, இருபத்தொன்பது ஆகியிருந்தது. பங்கு மூலதனம் பத்தோடு புதுப் பங்குக்கு இருபது வந்து முப்பது. போனதும் வந்ததும் ஒரே தொகை. மொத்தத்தில் ஒன்றும் தெரியாது.

“டிவிடெண்ட்ல பாதி எனக்கு வந்திருக்கணுமே.”

“வந்துச்சு. மறுநாளே உங்க செக்ல அண்ணனோட புதுப் பங்குக்குப் போயிடுச்சு. முப்பதுல உங்களுது இப்போ அஞ்சுதான்.”

அவள் கணவர் சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று செக்குகளிலும் வெற்றுத்தாள்களிலும் கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் கொடுத்திருந்தாள்.

“டிவிடெண்ட் எந்தத் தேதி?”

சொன்னேன். அவள் பேனாவை மூடினாள்.

“அன்னைக்குத்தான் அவரோட ஆபரேஷனுக்கு உங்ககிட்ட பணம் கேட்டேன் அண்ணே. கம்பெனியில காசே இல்லன்னீங்க.”